முதல் நரம்புச் சோதனை நார்மல் என்று வந்தபோது

வயிற்றுப்போக்கு நின்று பத்து நாள் ஆகியிருக்கும். ஒரு காலை இரண்டு பாதங்களிலும் எறும்பு ஊர்வது போல இருந்தது. மறுநாள் படி ஏறும்போது முழங்கால் மடங்கியது. மூன்றாம் நாள் தரையில் உட்கார்ந்தவன் எழ முடியாமல் அண்ணன் தூக்கிவிட்டார். நான்காம் நாள் சட்டைப் பொத்தானைப் போட விரல்களுக்கு வலு இல்லை.

நரம்பியல் டாக்டர் சுத்தியலால் முழங்காலுக்குக் கீழே தட்டினார். கால் துள்ளவே இல்லை. கணுக்காலிலும் அப்படியே. “கியான்-பாரேங்கிற நரம்பு நோய் மாதிரி இருக்கு. கிருமியை எதிர்க்க உருவான தற்காப்பு, நரம்பைச் சுற்றியிருக்கிற மயலின் உறையையும் தாக்குது” என்றார். அன்றே நரம்புக் கடத்தல் சோதனைக்கு அனுப்பினார்.

படுக்க வைத்து, முதலில் கையை வெதுவெதுப்பாக்கினார்கள். கை சில்லென்று இருந்தாலே சிக்னல் மெதுவாகப் போகும், நோயே இல்லாமல் நோய் போலத் தெரியும் என்றார் டெக்னீஷியன். மணிக்கட்டில் மின்சாரம் கொடுத்து, கட்டைவிரல் அடியிலுள்ள தசை எவ்வளவு நேரத்தில், எவ்வளவு பலமாகப் பதில் சொல்கிறது என்று பார்க்கிறார்கள். பிறகு முழங்கையில் கொடுக்கிறார்கள். சுண்டிவிட்டது போலத்தான் இருக்கும், தாங்கிக்கொள்ளலாம்.

சிக்னலின் வேகம், தசையின் பதிலாகத் திரையில் தெரியும் அலையின் உயரம் எல்லாம் கிட்டத்தட்ட நார்மல் என்றார்கள். எனக்குப் போன உயிர் திரும்பி வந்தது. அண்ணன் வீட்டுக்குக் கிளம்பலாமா என்று கேட்டுவிட்டார். டாக்டர் விடவில்லை. அறிக்கையில் ஒரே ஒரு வரியைக் காட்டினார்: எஃப் அலை கிடைக்கவில்லை.

மணிக்கட்டில் கொடுக்கும் சிக்னல் தசைக்கு மட்டும் போவதில்லை, மேல்நோக்கித் தண்டுவடம் வரை போய், அங்கிருந்து திரும்பி வந்து தசையில் ஒரு சின்ன அலையை உண்டாக்கும். அதுதான் எஃப் அலை. முழங்கைக்கும் மணிக்கட்டுக்கும் நடுவே அளக்கும் வேகம் அந்தத் துண்டைப் பற்றி மட்டுமே சொல்லும். தண்டுவடத்தை ஒட்டிய நரம்பு வேர்களில் ரத்தத்துக்கும் நரம்புக்கும் இடையிலுள்ள தடுப்பு பலவீனமானது. அதனால் தாக்குதல் பெரும்பாலும் அங்கே சீக்கிரம் தொடங்கிவிடும். கையில் எல்லாம் சரியாக இருக்கும்போதே எஃப் அலை காணாமல் போவது அதனால்தான். முதல் வாரத்தில் சோதனை முழுக்க நார்மலாக வந்தாலும் இந்த நோய் இல்லை என்று சொல்ல முடியாது என்பதை அன்றுதான் தெரிந்துகொண்டேன்.

சோதனை தெளிவாகட்டும் என்று அவர் காத்திருக்கவும் இல்லை. அன்று இரவே இம்யூனோகுளோபுலின் என்ற எதிர்ப்புப் புரத மருந்தை ஏற்றத் தொடங்கினார்கள். கிலோவுக்கு 0.4 கிராம், என் 60 கிலோவுக்கு நாளொன்றுக்கு 24 கிராம், ஐந்து நாள். கூடவே சில மணி நேரத்துக்கு ஒருமுறை ஒரு குழாயில் முழு மூச்சையும் ஊதச் சொன்னார்கள். பலவீனம் மூச்சுத் தசையை எட்டுகிறதா என்று ஆக்ஸிஜன் அளவை மட்டும் பார்த்தால் தெரியாதாம், அது கடைசியில்தான் குறையும். எனக்கு மூச்சின் அளவு குறைந்தது, ஆனால் வென்டிலேட்டர் தேவைப்படும் அளவுக்குப் போகவில்லை.

பன்னிரண்டாம் நாள் சோதனையை மறுபடி செய்தார்கள். அப்போது நான் கையைத் தூக்கவே சிரமப்பட்டேன். மணிக்கட்டிலிருந்து தசைக்கு 7.1 மில்லி செகண்ட் ஆனது, சாதாரணமாக 4.5-க்குள் வர வேண்டியது. முழங்கையிலிருந்து 14.1. இரண்டு இடத்துக்கும் தூரம் 22 சென்டிமீட்டர், வித்தியாசம் 7 மில்லி செகண்ட். அப்படியென்றால் நொடிக்கு 31 மீட்டர். ஐம்பதுக்குக் கிட்ட இருக்க வேண்டிய இடம் அது. அதைவிட முக்கியமானது அலையின் உயரம்: மணிக்கட்டில் தூண்டினால் 6 மில்லிவோல்ட், முழங்கையில் தூண்டினால் 2. நடுவில் நிறைய நார்களில் சிக்னல் நின்றுவிடுகிறது. இதைக் கடத்தல் தடை என்கிறார்கள். என் பலவீனத்துக்குப் பெரிய காரணம் வேகக்குறைவு இல்லை, இந்தத் தடைதான்.

இன்னொன்றையும் டாக்டர் காட்டினார். கையின் உணர்ச்சி நரம்பில் அலை சிறுத்திருந்தது, கணுக்காலுக்குப் பின்னால் போகும் சூரல் நரம்பில் அது நன்றாக இருந்தது. சர்க்கரை நோயில் பாதிப்பு பொதுவாக நீளமான நரம்பில், காலில் தொடங்கும். இங்கே தலைகீழாக இருந்தது மயலின் தாக்குதலுக்குச் சாட்சி.

“மணிக்கட்டுல 6 இருக்கே, அது நல்லது. உறைதான் போயிருக்கு, உள்ளே கம்பி பெரும்பாலும் இருக்கு” என்றார். அந்த எண் மிகவும் சிறுத்திருந்தால் ஆக்ஸான் என்கிற அந்தக் கம்பியே பாதிக்கப்பட்டிருக்கலாம், அப்படியானால் மீள்வது தாமதமாகும்.

மூன்றாம் வாரத்தில் பலவீனம் ஏறுவது நின்றது. இரண்டு மாதத்தில் வாக்கர், நான்காம் மாதம் கைப்பிடி இல்லாமல் படி. ஆறாம் மாதச் சோதனையில் முழங்கை அலை 5.5-க்கு வந்திருந்தது, வேகம் மட்டும் 42-லேயே நின்றது. புதிதாக வளரும் உறை மெல்லியதாகவும் துண்டுகள் குட்டையாகவும் இருப்பதால் அப்படி இருக்கும் என்றார் டாக்டர். அந்த எண்ணைப் பார்த்துப் பயப்பட வேண்டாம் என்று சொல்லிவிட்டு, சுத்தியலை எடுத்து முழங்காலில் தட்டினார். கால் லேசாகத் துள்ளியது.