மாண்டரின் மூன்றாம் டோன்: ஏற்றத்தைத் தேடுவதை விட்ட பிறகு

சீன மொழியான மாண்டரினில் ஓர் அசையைச் சொல்லும் சுருதி மாறினால் பொருளே மாறிவிடும், அந்தச் சுருதி வடிவத்தைத்தான் டோன் என்கிறோம். அதன் நான்கு டோன்களில் முதலும் நான்காவதும் எனக்குச் சீக்கிரம் பிடிபட்டுவிட்டன. முதல் டோன் உயரத்தில் அசையாமல் நிற்கிறது. நான்காவது உச்சியிலிருந்து சட்டென்று இறங்குகிறது. சிக்கல் முழுக்க இரண்டுக்கும் மூன்றுக்கும் நடுவில்தான் இருந்தது. அதைச் சரிசெய்ய நான் செய்து பார்த்தவற்றை இங்கே எழுதுகிறேன்.

பயிற்சிக்கு 'தாங்' என்ற அசையை எடுத்துக்கொண்டேன். ஒன்றாம் டோனில் சூப், இரண்டில் சர்க்கரை, மூன்றில் படுத்துக்கொள்வது, நான்கில் கை சுடும் அளவுக்குச் சூடு. நான்குமே அன்றாடச் சொற்கள். ஒலிப்பதிவுகளைக் கலைத்துப் போட்டுக் கேட்டு, 'உண்மையில் என்ன டோன், நான் என்ன என்று சொன்னேன்' என்று நாலுக்கு நாலு கட்டத்தில் குறித்து வந்தேன். மொத்த மதிப்பெண்ணைவிட இந்தக் கட்டம் அதிகம் சொல்லும். கண்ணை மூடிக்கொண்டு ஊகித்தாலே கால்வாசி சரியாக வந்துவிடும், அதனால் பாதிக்கு மேல் சரி என்பதில் பெரிதாக ஒன்றுமில்லை. தவறுகள் எந்தக் கட்டத்தில் குவிகின்றன என்பதுதான் முக்கியம். என்னுடைய தவறுகள் கிட்டத்தட்ட எல்லாமே இரண்டை மூன்று என்றோ மூன்றை இரண்டு என்றோ சொன்னவை.

காரணம் ஒலியிலேயே இருக்கிறது. டோன்களை எண்ணால் எழுதும் முறையை மொழியியலாளர் யுவென் ரென் சாவ் 1930-இல் கொடுத்தார். குரலின் கீழ்மட்டம் 1, உச்சம் 5. அந்தக் கணக்கில் முதல் டோன் 55, இரண்டாவது 35, மூன்றாவது 214, நான்காவது 51. தாளில் 35-உம் 214-உம் வேறு வேறாகத் தெரிகின்றன. ஆனால் உண்மையான குரலில் இரண்டாவது டோனும் ஏறுவதற்கு முன் கொஞ்சம் தாழ்கிறது. ஆக இரண்டுமே இறங்கி ஏறுகின்றன. எவ்வளவு ஆழம் இறங்குகிறது, எந்த இடத்தில் திரும்புகிறது என்பதில்தான் வித்தியாசம். இரண்டாவது, அசை தொடங்கியதுமே திரும்பிவிடும். மூன்றாவது அடியில் கிடந்து தாமதமாகத் திரும்பும், அந்த அடியில் குரல் பெரும்பாலும் கரகரக்கும். நான் கடைசியில் வரும் ஏற்றத்தைக் கேட்டு முடிவு செய்துகொண்டிருந்தேன். இரண்டுக்கும் பொதுவான பகுதி அதுதானே.

இன்னொரு விஷயம், பல பாடங்களில் இது போகிற போக்கில் ஒரு வரியாக வந்து போய்விடுகிறது. 214 என்பது சொல்லைத் தனியாகவோ வாக்கியக் கடைசியிலோ சொல்லும்போது வரும் வடிவம். பின்னால் ஒன்று, இரண்டு, நான்கு ஆகிய டோன்களில் ஏதாவது வந்தால் மூன்றாம் டோன் ஏறுவதே இல்லை. வெறும் 21, அதாவது தாழ்வாகவே முடிந்துவிடும். 'பெய்ஜிங்' என்ற பெயரில் 'பெய்' அப்படித்தான் ஒலிக்கிறது. பேச்சில் பெரும்பாலும் காதில் விழுவது இந்தத் தாழ்ந்த வடிவம். அதனால் 'இறங்கி ஏறும் டோன்' என்ற விளக்கத்தைத் தள்ளிவைத்து, மூன்றாவதை 'தாழ்ந்த டோன்' என்று மட்டும் வைத்துக்கொண்டேன்.

அதற்குப் பிறகு தனி அசைகளை விட்டுவிட்டு ஈரசைச் சொற்களுக்குப் போனேன். 'லாவ்ஷ' (ஆசிரியர்) மூன்றும் ஒன்றும் சேர்ந்தது. 'மிங்தியென்' (நாளை) இரண்டும் ஒன்றும். இரண்டையும் மாற்றி மாற்றிக் கேட்டால் நல்ல அடையாளம் ஒன்று கிடைக்கும். 'மிங்' ஏறி முடிக்கும் உயரத்துக்குப் பக்கத்திலேயே 'தியென்' தொடங்குகிறது, வழி தொடர்ச்சியாக இருக்கிறது. 'லாவ்' கீழேயே நின்றுவிட, அடுத்த அசைக்குக் குரல் ஒரு தாவு தாவுகிறது. நான் இப்போது முதல் அசையைவிட அந்தத் தாவலைத்தான் கேட்கிறேன்.

ஒரே குரலில் பயிற்சி செய்வது போதாது. ஒரு குரல் பழகியதும் கட்டம் சுத்தமாகிவிடும், வேறொருவர் பேசினால் பழைய குழப்பம் அப்படியே திரும்பும். ஆளுக்கு ஆள் சுருதி வேறு. ஒரு பெண்ணின் தாழ்ந்த டோன் ஓர் ஆணின் உயர்ந்த டோனுக்குச் சமமாகக்கூட இருக்கலாம். பேசுபவரின் சொந்த வீச்சுக்குள் எது மேல், எது கீழ் என்று காது கணக்கிட வேண்டும். அமெரிக்க மாணவர்களுக்குப் பல குரல்களில் மாண்டரின் டோன் பயிற்சி கொடுத்து 1999-இல் வெளியான ஆய்வு ஒன்றில், அவர்கள் அடைந்த முன்னேற்றம் ஆறு மாதம் கழித்தும் நிலைத்தது. நானும் ஆண், பெண், வயதானவர் என்று கலந்தே கேட்கிறேன்.

சொல்வதற்கு வருவோம். நம் குரல் சரியா என்று நம் காதை மட்டும் நம்பி முடிவு செய்ய முடியாது. ஆம்ஸ்டர்டாம் பல்கலைக்கழகத்தின் Praat என்ற இலவச மென்பொருளில் பதிவைத் திறந்தால் சுருதி ஒரு கோடாகத் தெரியும். சுருதித் தேடலின் கீழ், மேல் எல்லைகளை ஆண் குரலுக்கு 75, 300 ஹெர்ட்ஸ், பெண் குரலுக்கு 100, 500 என்று வைத்தால் போதும்.

'லாவ்ஷ' பதிவில் என் கோடு 95 ஹெர்ட்ஸில் தொடங்கி 140 வரை ஏறியது. நடுவில் 'ஷ' ஒலியில் குரல்நாண் அதிராது, அதனால் அங்கே இடைவெளி. பிறகு 140-இலிருந்து 110-க்குச் சரிந்தது. மூன்று-ஒன்று என்று நினைத்துச் சொன்னது இரண்டு-நான்கு போல வந்திருந்தது. இரண்டு இடத்திலும் தமிழ்ப் பழக்கம் தெரிகிறது. அசையை அழுத்தும்போது குரலை ஏற்றுகிறோம், வாக்கியம் முடியும்போது தாழ்த்துகிறோம். 'ஷ' கடைசி அசை என்பதால் தானாகவே இறங்கிவிட்டது.

இதற்கு உதவியது, வாயை மூடி 'ம்ம்' என்று சுருதியை மட்டும் முணுமுணுப்பது. முதலில் கீழே ஒரு 'ம்', அப்புறம் மேலே நீண்ட 'ம்'. கர்நாடக இசை கேட்டவர்களுக்கு ஓர் அளவு சொல்கிறேன்: இப்போது என் 'லாவ்' ஏறக்குறைய 90-இல் கிடக்கிறது, 'ஷ' 150-இல் நிற்கிறது. இது ஷட்ஜத்திலிருந்து சதுஸ்ருதி தைவதம் வரையான தூரம். நான் முன்பு எடுத்த வீச்சைவிட இது மிகவும் அகலம். முணுமுணுப்பு சரியாக வந்த பிறகே எழுத்துகளைச் சேர்க்கிறேன். சில பதிவுகளில் 'லாவ்' வரும் இடத்தில் கோடு அறுந்துபோகும், அல்லது திடீரென்று பாதி உயரத்துக்குக் குதிக்கும். அது கரகரப்பை மென்பொருள் அளக்க முடியாமல் தடுமாறுவது. மூன்றாம் டோனில் அப்படி வந்தால் பெரும்பாலும் நல்ல அறிகுறி.

ஓர் இடத்தில் மட்டும் காதைக் குறை சொல்வதில் பயனில்லை. இரண்டு மூன்றாம் டோன்கள் அடுத்தடுத்து வந்தால் முதலாவது இரண்டாம் டோனாக மாறிவிடும், வணக்கம் சொல்லும் 'நீ ஹாவ்' போல. 'குதிரை வாங்கு' (மூன்று-மூன்று), 'குதிரையைப் புதை' (இரண்டு-மூன்று) இரண்டுமே 'மாய் மா' என்றுதான் ஒலிக்கின்றன. 1967-இல் வில்லியம் வாங், குங்-பு லீ என்ற ஆய்வாளர்கள் இத்தகைய ஜோடிகளைச் சீனர்களுக்கே போட்டுக் காட்டியபோது, அவர்களாலும் ஊகத்துக்கு மேல் பிரித்துச் சொல்ல முடியவில்லை. என் பட்டியலிலிருந்து இந்த ஜோடிகளை எடுத்துவிட்டேன்.

இப்போதைய நிலவரம்: இரண்டுக்கும் மூன்றுக்குமான குழப்பம் ஈரசைச் சொற்களில் எப்போதாவதுதான் வருகிறது. நான்காம் டோனுக்குப் பின்னால் வரும் இரண்டாம் டோன் இன்னும் சரியாகவில்லை. அடியில் விழுந்த குரலை உடனே மேலேற்ற வேண்டியிருப்பதால் என் கோடு பாதியிலேயே தட்டையாகிறது. அடுத்து அந்த வகைச் சொற்களை மட்டும் தனியாக எடுத்து முணுமுணுப்பிலிருந்து தொடங்கப்போகிறேன்.