எண்ணிப் பார்க்க வேண்டிய படம்

விடைத்தாள் திருத்தத் தொடங்கிய முதல் ஆண்டில், மைட்டாசிஸ் என்ற செல் பிரிதலின் படம் ஒன்றுக்கு ஐந்துக்கு ஐந்து போட்டேன். கோடுகள் தெளிவாக இருந்தன. புரோபேஸ், மெட்டாபேஸ், அனாபேஸ், டீலோபேஸ் என்று நான்கு கட்டங்களின் பெயர்களும் வரிசை தவறாமல் இருந்தன. அந்தத் தாளை மறுபடி பார்த்த மூத்த ஆசிரியை, "அனாபேஸில் சென்ட்ரோமியர்களை எண்ணுங்கள் சார்" என்றார். எண்ணினேன். நான்கு. எட்டு இருந்திருக்க வேண்டும்.

மாணவர் நான்கு குரோமோசோம்களோடு தொடங்கியிருந்தார். ஒவ்வொன்றும் பெருக்கல் குறி போல, சென்ட்ரோமியர் என்ற புள்ளியில் இணைந்த இரண்டு குரோமாட்டிட் இழைகளுடன் இருந்தது. மெட்டாபேஸில் நான்கும் செல்லின் நடுவே ஒரே வரிசையில் நின்றன. அதுவரை எல்லாம் சரி. அடுத்த படத்தில் இரண்டு பெருக்கல் குறிகள் மேலேயும் இரண்டு கீழேயும் முழுதாகவே போயிருந்தன. மைட்டாசிஸில் பிளவுபடுவது அந்தப் பெருக்கல் குறிதான். பிரிந்த ஒவ்வொரு குரோமாட்டிடும் இனி ஒரு குரோமோசோம். ஆகவே செல்லின் ஒவ்வொரு முனைக்கும் நான்கு சேரும், சேய்ச்செல்லிலும் நான்கு இருக்கும். இவர் படத்தில் சேய்ச்செல்லுக்கு இரண்டுதான் கிடைத்தது. அது பாலணுக்களை உண்டாக்கும் மயோசிஸின் முதல் பிரிவில் வரும் எண்ணிக்கை. ஆனால் அங்கே ஒத்த குரோமோசோம்கள் இணை இணையாக நிற்கும். இவரோ ஒற்றை வரிசையில் நிறுத்திவிட்டு மயோசிஸ் போலப் பிரித்திருந்தார். செல் பிரிந்தால் உள்ளே இருப்பதும் பாதியாகும் என்று அவர் நினைத்திருக்க வேண்டும்.

அன்றிலிருந்து நான் கடைசிப் படத்திலிருந்துதான் பார்க்கத் தொடங்குகிறேன். டீலோபேஸில் உள்ள எண்ணிக்கை முதல் படத்தோடு பொருந்தாவிட்டால், பிழை எங்கே நுழைந்தது என்று பின்னோக்கித் தேடுகிறேன். அனாபேஸ் தவறானதால் டீலோபேஸும் தவறினால், மதிப்பெண்ணை ஒரு முறைதான் குறைக்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. இரண்டாவது படம் முதல் பிழையின் நேர்மையான தொடர்ச்சிதானே.

பிறகு குரோமோசோம் கரங்களின் திசையைப் பார்ப்பேன். கதிர்கோல் இழை பற்றி இழுப்பது சென்ட்ரோமியரை. அதனால் அது முன்னே போகும், கரங்கள் பின்னே தொங்கும். கரங்கள் முனையை நோக்கி நீண்டிருந்தால், குரோமோசோம் எதனால் நகர்கிறது என்பது வரைந்தவருக்குப் புரியவில்லை. சென்ட்ரோமியர் நுனியில் இருக்கும் குரோமோசோம் மட்டும் வளையாமல் குச்சி போலவே போகும். அதைப் பிழை என்று அடித்துவிடக் கூடாது.

அந்த முதல் ஆண்டின் அதே விடைத்தாள் கட்டுக்குள் இன்னொரு தாள் இருந்தது. செல்கள் கோணலாக இருந்தன. அழித்து அழித்துத் தாள் கறுத்திருந்தது. அனாபேஸில் முனைக்கு நான்கு, எல்லாம் சென்ட்ரோமியர் முன்னே. நான் அதற்கு மூன்று போட்டிருந்தேன். அடித்துவிட்டு ஐந்து என்று எழுதிக் கையெழுத்திட்டேன்.