முதலில் ஃபீல்டைப் பிரிக்க வேண்டும்

பழைய கல்யாண டேப்போடு வருகிறவர்கள் பெரும்பாலும் "ஃபோர்கே ஆக்கித் தர முடியுமா?" என்றுதான் ஆரம்பிப்பார்கள். அதற்கு முன்னால் டீஇன்டர்லேஸ் என்று, பின்னிக் கிடக்கும் அரைப்படங்களைப் பிரித்து முழுப் படமாக்கும் ஒரு வேலை இருக்கிறது, அதைச் சரியாகச் செய்யாமல் மேலே எதைச் செய்தாலும் படம் கெட்டுத்தான் போகும் என்று ஒவ்வொருவருக்கும் எடுத்துச் சொல்வேன். அப்படிச் சொன்னதற்கு அர்த்தம் நன்றாகப் புரிந்தது ஒரு கும்பகோணத்துக் கல்யாணத்தில்தான்.

2004-இல் MiniDV என்ற சின்ன டிஜிட்டல் டேப் போடும் கேமராவில் எடுத்தது. மணப்பெண்ணின் தம்பி கொண்டுவந்தது டேப் அல்ல, வேறொரு கடையில் ஏற்கெனவே 1080-க்குப் பெரிதாக்கிக் கொடுத்திருந்த ஃபைல். "யாராவது கையை அசைச்சாலே கோடு கோடா தெரியுது அண்ணா" என்றார். நிறுத்திப் பார்த்தேன். அசையாமல் நிற்கும் தூண் தெளிவாக இருந்தது. மாலையை நீட்டும் கையின் ஓரத்தில் மட்டும் ஒழுங்கில்லாத பட்டை பட்டையாகக் கிழிசல்.

காரணம் இதுதான். அந்தக் கேமரா ஒரு நொடிக்கு 25 முழுப் படம் எடுக்கவில்லை, 50 அரைப்படம் எடுத்தது. ஒவ்வொன்றிலும் 288 வரிகள். ஒன்றில் ஒற்றை வரிகள், அடுத்ததில் இரட்டை வரிகள், இரண்டுக்கும் நடுவே நொடியில் ஐம்பதில் ஒரு பங்கு இடைவெளி. இந்த அரைப்படத்தைத்தான் ஃபீல்டு என்கிறோம். இரண்டையும் பின்னி 576 வரி ஃப்ரேமாக டேப்பில் எழுதிவிடும். அந்த இடைவெளியில் கை நகர்ந்திருந்தால், ஒரு வரியில் கை ஒரு இடத்திலும் அடுத்த வரியில் வேறு இடத்திலும் இருக்கும். அதுதான் சீப்புப் பல் மாதிரி தெரிகிறது.

இந்த நிலையில் 576 வரியை 1080 ஆக இழுத்தால், புதிய வரி ஒவ்வொன்றும் பக்கத்துப் பக்கத்து வரிகளைக் கலந்துதான் உருவாகும். அதாவது இரண்டு வெவ்வேறு கணங்கள் ஒரே வரியில் கலந்துவிடும். அதன்பிறகு எது எந்த ஃபீல்டு என்று பிரிக்க வழியே இல்லை. கூர்மை கூட்டினால் பல் இன்னும் கூர்மையாகும். இரைச்சல் நீக்கும் ஃபில்டர் பல்லை நுண்விவரம் என்று நினைத்துப் பத்திரமாகக் காப்பாற்றும். அந்த ஃபைலை வைத்துக்கொண்டு எதுவும் செய்ய முடியாது, டேப்பைத் தேடிப் பாருங்கள் என்றேன். நல்லவேளை, வீட்டு அலமாரியில் கிடைத்தது.

ஃபயர்வயர் கேபிள் வழியாகக் கம்ப்யூட்டருக்கு எடுத்தோம். டேப்பில் உள்ளது அப்படியே வரும், ஒரு மணி நேரத்துக்கு ஏறக்குறைய 13 ஜிபி. அப்புறம் எந்த ஃபீல்டு முதலில் என்று பார்க்க வேண்டும். MiniDV என்றால் கீழ் ஃபீல்டு, அதாவது இரட்டை வரிகள், முதலில். விஎச்எஸ் கேசட்டைக் கேப்சர் கார்டு வழியாக எடுத்தால் பெரும்பாலும் மேல் ஃபீல்டு முதலில். ஆனாலும் நடுவில் யார் எதில் எடிட் செய்தார்கள் என்று தெரியாததால், கண்ணால் பார்க்காமல் நான் நம்புவதில்லை.

```
AviSource("kalyanam.avi")
AssumeBFF()
SeparateFields()
```

அவிசிந்த் என்ற வீடியோ ஸ்கிரிப்ட் மென்பொருளில் இதைப் போட்டு அம்புக்குறி விசையால் ஒவ்வொன்றாக நகர்த்திப் பார்த்தால் போதும். வரிசை சரியென்றால் அசைவு ஒரே திசையில் போகும். தப்பென்றால் ஓர் அடி முன்னே, ஓர் அடி பின்னே என்று தள்ளாடும். சோதிக்கத் தவில்காரரின் கையைத் தேர்ந்தெடுக்கக் கூடாது, அது இயல்பாகவே முன்னும் பின்னும் போகிறது. கேமரா மண்டபத்தை ஒரே பக்கமாகச் சுற்றிக் காட்டும் இடம்தான் நல்லது.

நிறத்திலும் ஒரு சிக்கல் உண்டு. நம் ஊர் MiniDV டேப்பில் நிறத்துக்கு வரிகள் பாதிதான், அவையும் ஃபீல்டு வாரியாகப் பிரிந்திருக்கும். மாற்றும் மென்பொருளுக்கு இது இன்டர்லேஸ் என்று சொல்லாவிட்டால் இரண்டு ஃபீல்டின் நிறமும் கலந்துவிடும். முகத்தில் தெரியாது. அரக்குக் கூரைப்புடவையின் ஓரத்தில் சிவப்பு மட்டும் தனியாகப் பல் பல்லாக நிற்கும். அதனால், `AviSource` வரிக்கு அடுத்துப் போடும் கீழேயுள்ள மூன்றில் இரண்டாவது வரியில் `interlaced=true` இருக்கிறது.

```
AssumeBFF()
ConvertToYV12(interlaced=true)
QTGMC(Preset="Slow")
```

`QTGMC` என்ற டீஇன்டர்லேஸ் ஃபில்டர் முன்பின் ஃபீல்டுகளில் அசைவைத் தொடர்ந்து போய், இல்லாத வரிகளை அங்கிருந்து எடுத்து நிரப்பும். 50 ஃபீல்டும் 50 முழு ஃப்ரேமாக வரும். ஜரிகைக் கரை மாதிரி மெல்லிய கிடைக்கோடுகள் துடிக்காமல் நிற்பது இதில்தான். நேரம் நிறைய எடுக்கும், எடுக்கட்டும்.

ஆனால் தாலி கட்டும் இடத்தில் இது தடுமாறியது. கெட்டிமேளம், எல்லோரும் அட்சதை போடுகிறார்கள், போட்டோகிராபரின் ஃபிளாஷ் வேறு. அரிசி மணி சின்னது, வேகமானது. அசைவைத் தொடரும் கணக்குக்கு அது பிடிபடவில்லை, இரைச்சல் என்று எண்ணிப் பாதி மணிகளை அழித்துவிட்டது. ஃபிளாஷும் அப்படித்தான். அதன் வெளிச்சம் கண நேரம்தான், ஒரே ஒரு ஃபீல்டில் விழும். மூல ஃப்ரேமில் வெள்ளை வரி, இருட்டு வரி என்று மாறி மாறி இருந்தது. பக்கத்து ஃபீல்டைப் பார்த்து நிரப்பினால் அந்த வெளிச்சம் அடுத்த ஃப்ரேமிலும் கசியும்.

அந்த ஷாட்டுக்கு மட்டும் `QTGMC`-க்குப் பதில் `nnedi3(field=-2)` என்ற வேறொரு ஃபில்டர் வைத்தேன். அது பக்கத்து ஃபீல்டைப் பார்க்கவே பார்க்காது, ஒவ்வொரு ஃபீல்டையும் தன்னிலிருந்தே நிரப்பிக்கொள்ளும். அட்சதை முழுதும் திரும்பி வந்தது, ஃபிளாஷும் தன் இடத்தில் நின்றது. பதிலுக்கு ஜரிகை கொஞ்சம் துடித்தது. எல்லோரும் அசைகிற சில நொடிகளில் அது யார் கண்ணிலும் படாது. அட்சதை இல்லாத தாலிகட்டைத்தான் எந்த வீட்டாரும் கண்டுபிடித்துவிடுவார்கள்.

தொலைக்காட்சி நிகழ்ச்சி டேப்புகளில் இதற்கு நேர்மாறான ஒன்றைப் பார்க்கலாம். பேட்டி 50 ஃபீல்டில் ஓடும், நடுவே சினிமாப் பாட்டு வரும். ஃபிலிமிலிருந்து மாற்றியது என்பதால் பாட்டில் இரண்டு ஃபீல்டும் ஒரே கணத்தைச் சேர்ந்தவை. மேலே சொன்ன மாதிரி பிரித்துப் பார்த்தால் ஒவ்வோர் அசைவு நிலையும் இரண்டு முறை வரும். அங்கே வரிகளைக் கற்பனை செய்து நிரப்பவே வேண்டாம். ஜோடியைச் சரியாகச் சேர்த்தாலே முழு 576 வரியும் அசலாகக் கிடைக்கும். பாட்டைத் தனியாக வெட்டி அப்படிச் செய்கிறேன்.

டீஇன்டர்லேஸ் முடிந்ததும் இழப்பில்லாத ஃபைலாகச் சேமித்துக்கொண்டு, இரைச்சல் நீக்கம், நிறம், கடைசியாகப் பெரிதாக்கல் என்று போகிறேன். கொடுக்கும்போதும் நொடிக்கு 50 ஃப்ரேமாகவே கொடுக்கிறேன். 25 ஆகக் குறைத்தால் கேமரா பதிந்த அசைவில் சரிபாதி போய்விடும். "சினிமா மாதிரி இருக்கட்டும்" என்று சிலர் கேட்பதுண்டு. அவர்களுக்கு 25-இல் ஒரு பிரதி போட்டுத் தந்துவிட்டு, 50-உம் டேப்பிலிருந்து எடுத்த மூல ஃபைலும் அதே ஹார்ட் டிஸ்க்கில் சேர்த்தே வைத்துத் தருகிறேன். பத்து வருடம் கழித்து இதைவிட நல்ல ஃபில்டர் வந்தால் அதற்கு வேண்டியது அந்த 13 ஜிபிதான்.