பட்சிம் குறிப்பேடு: வாசிப்பும் சொல்வதெழுதலும்

ஜூன் 3

கொரிய எழுத்தில் ஓர் அசை ஒரு கட்டம். அந்தக் கட்டத்தின் அடியில் உட்காரும் மெய்தான் 받침, பட்சிம். 밥 (சோறு) என்பதில் மேலே ㅂ, பக்கத்தில் ㅏ, கீழே மறுபடி ㅂ. தமிழில் சொல் வல்லின மெய்யில் முடியாததால் நம் நாக்கு தானாகவே உகரம் சேர்த்து 'பப்பு' என்கிறது. சொல்வதெழுதலில் அது 바부 என்று இரண்டு கட்டமாகிவிடும், 'முட்டாள்' என்று பொருள்படும் 바보-வுக்கு மிக அருகில்!

உதட்டை மூடுங்கள், திறக்காதீர்கள். வாய்க்கு முன் உள்ளங்கையை வைத்தால் கடைசியில் காற்று படக்கூடாது. 밭 என்றால் நுனிநாக்கு அடைக்கும், 박 என்றால் அடிநாக்கு. காது பிடிக்க வேண்டியது மெய்யை அல்ல, உயிர் எந்த இடத்தில் அறுபடுகிறது என்பதை. மூன்றையும் கலந்து கேட்டால்தான் இது பழகும்.

ஜூன் 5

낫 (அரிவாள்), 낮 (பகல்), 낯 (முகம்) மூன்றும் தனியாகச் சொன்னால் ஒரே 'நத்'. இவற்றைத் தனிச்சொல்லாகச் சொல்லி எழுதச் சொல்வது அநியாயம்.

பின்னால் எழுவாய் உருபான 이 சேர்த்தால் குட்டு உடையும்: 나시, 나지, 나치 என்று ஒலிக்கும். 이-யின் தலையில் உள்ள ㅇ ஒலியில்லாத காலியிடம், அடிமெய் அங்கே தாவிவிடுகிறது. ஆனால் ㅇ அடியில் வந்தால் அது 'ங்', அது தாவாது. 고양이 (பூனை) என்பதை 'கோயாங்-இ' என்றே படிக்க வேண்டும்.

ஜூன் 9

காதில் விழுவது 꼬치 마나요. அப்படியே எழுதுகிறவர்கள்தான் அதிகம். 꼬치 என்றால் குச்சியில் குத்திச் சுட்ட தின்பண்டம், உண்மையான சொல் என்பதால் தவறு கண்ணில் படாது.

பின்னாலிருந்து பிரியுங்கள். 아요 விகுதி, எனவே 아 தனிக் கட்டம், ㄴ முந்தைய கட்டத்துக்குத் திரும்பும். அகராதி வடிவத்தின் ஒலி 만타. ㄷ-வை ㅌ ஆக்கியது ஒளிந்திருக்கும் ㅎ, ஆகவே 많다, 많아요. இனி பெயர்ச்சொல். எழுவாய் உருபு உயிருக்குப் பின் 가, மெய்க்குப் பின் 이. தின்பண்டமாக இருந்தால் 꼬치가 என்று வந்திருக்கும். பேச்சில் உருபை விழுங்குவதுண்டு, பயிற்சி வாக்கியத்தில் அது அபூர்வம். எனவே கடைசி 'இ' உருபு, ㅊ பின்வாங்கும்: 꽃이 많아요, பூக்கள் நிறைய இருக்கின்றன.

ஜூன் 12

꽃만 (பூ மட்டும்) ஒலிப்பில் 꼰만. ㅁ, ㄴ ஆகியவற்றுக்கு முன்னால் வந்த வல்லினம் மெல்லினமாகிறது. கல்+மலை கன்மலை ஆவதை அறிந்தவர்களுக்கு இது புதிதல்ல. நாம் மாறிய ஒலியை எழுதுகிறோம், கொரியர்கள் பழைய எழுத்தையே வைத்துக்கொள்கிறார்கள்.

만-ஐ எடுத்துவிட்டு 이 போட்டுப் பார்ப்பது இங்கும் உதவும், ஒரே ஒரு இடத்தில் ஏமாற்றும். 밭이 (வயல்) ஒலிப்பில் 바치, ㅌ-க்குப் பின் 이 வந்தால் ㅊ ஆகிவிடும். அதை நம்பினால் 밫 என்ற இல்லாத சொல்லை எழுதுவோம். அதனால் ㅊ கேட்டால் மட்டும் இடத்தைக் குறிக்கும் 에 உருபைப் போட்டு இன்னொரு முறை சோதியுங்கள்: 밭에 ஒலிப்பது 바테, 꽃에 ஒலிப்பது 꼬체.