கருப்பட்டி வீடியோவும் நாலு நொடியும்

கருப்பட்டி காய்ச்சுவது பற்றிய எட்டு நிமிட வீடியோவை ஒன்றரை நிமிடமாகச் சுருக்கினேன். குரல் கிடையாது, திரையில் எழுத்து மட்டும். முதலில் ஸ்கிரிப்ட்டை எடுத்து வாக்கியங்களை வெட்டிப் பார்த்தேன், சரிவரவில்லை. அப்புறம் அதை மூடிவைத்துவிட்டு, படத்தை மட்டும் ஓட்டி, ஒவ்வொரு காட்சியும் எத்தனை நொடி என்று குறித்துக்கொண்டேன்.

ஒரு காட்சி சொல்கிறேன். கலயத்தின் உள்பக்கம் நெருக்கத்தில் தெரிகிறது, நாலு நொடி. ஸ்கிரிப்ட்டில் இருந்தது: "பனையேறி அதிகாலையில் மரமேறி, கலயத்தில் சேர்ந்த பதநீரை இறக்குகிறார். அது புளித்துக் கள்ளாகிவிடாமல் இருக்க, கலயத்தின் உட்புறம் முன்கூட்டியே சுண்ணாம்பு தடவப்பட்டிருக்கும்."

மரமேறுவது முந்தைய காட்சியிலேயே தெரிகிறது, அதை எழுத வேண்டியதில்லை. வெள்ளைப் பூச்சு கண்ணுக்குத் தெரியும், ஆனால் அது ஏன் என்று படம் சொல்லாது. அதனால் திரையில் போட்டது இவ்வளவுதான்:

"உள்ளே சுண்ணாம்பு.
இல்லையென்றால் புளித்துவிடும்."

நாலே சொல். தமிழில் ஒவ்வொரு சொல்லும் நீளம் என்பதால் சொல்லை எண்ணுவது மட்டும் போதாது. காட்சி முடிவதற்குள் நிதானமாக இரண்டு முறை வாசிக்க முடிகிறதா என்று பார்க்கிறேன். முடியாவிட்டால் வரியைக் குறைக்கிறேன்.

முதல் வடிவத்தில் இந்த வரி அடுத்த காட்சிக்குள்ளும் அரை நொடி நீண்டுவிட்டது. அங்கே அடுப்பில் கொப்பரை. பார்த்த அக்கா, "கொப்பரையிலும் சுண்ணாம்பு போடுவாங்களா?" என்று கேட்டார். வரியைக் காட்சி மாறுவதற்குச் சற்று முன்பே மறையவிட்டேன்.

பாகு கொதிக்கும் ஒன்பது நொடிக்கு எதுவும் எழுதவில்லை.