நான்காவது செலாம்: ஒரு செமா மாணவனின் நாட்குறிப்பு

அக்டோபர் 12, ஞாயிறு. இஸ்தான்புல்

செமா என்னும் சூஃபிச் சுழல் வழிபாட்டைப் பழகுவதற்கான பலகை வந்துவிட்டது. ஏறக்குறைய ஒரு மீட்டர் சதுரம், நடுவில் உருண்டைத் தலை வைத்த ஓர் ஆணி. அதன்மேல் கொஞ்சம் உப்பைத் தூவினார் எங்கள் ஆசிரியர் ஹோஜா. பாதம் பலகையில் ஒட்டிக்கொள்ளாமல் வழுக்கித் திரும்பவும், தோல் கிழியாமல் இருக்கவும் இந்த உப்பு.

இடது காலின் பெருவிரலுக்கும் அடுத்த விரலுக்கும் நடுவே ஆணி இருக்க வேண்டும். அந்தக் கால் தரையை விட்டு எழவே கூடாது. அதற்குப் பெயர் 'திரெக்', தூண். வலது கால் எழுந்து, இடது காலைச் சுற்றி வந்து தரை தொட்டு, உடலைத் திருப்புகிறது. அது 'சார்க்', சக்கரம். சுற்றுவது எப்போதும் இடப்பக்கமாக, இதயம் இருக்கும் பக்கமாக. கைகள் மார்பின் குறுக்கே தோள்களைப் பற்றியிருக்கும். முதலில் கால் சுற்று, பிறகு அரைச் சுற்று, அது நிலைத்த பிறகுதான் முழுச் சுற்று. கையை விரிப்பதெல்லாம் வெகு தூரத்தில் இருக்கிறது.

கவிஞர் ரூமியின் வழிவந்த மெவ்லெவி சூஃபிகளின் பழைய மடங்களில் இந்தப் பலகை சமையல்கட்டில்தான் கிடக்கும். சேர வந்தவர் 1001 நாள் பணிவிடை செய்ய வேண்டும்: பாத்திரம் கழுவுவது, சந்தைக்குப் போவது, விளக்கேற்றுவது. அதோடு சுழலவும் பழகுவார். இறைக்காதலில் கரைந்துபோகும் நிலையைத் தேடி வந்தவருக்கு முதலில் கையில் கிடைப்பது விளக்குமாறு. எனக்கு இந்த வரிசை மிகவும் பிடித்திருக்கிறது.

அக்டோபர் 19, ஞாயிறு

தலைசுற்றல் பற்றி நிறையப் பேர் கேட்டிருந்தீர்கள். இன்று வகுப்பில் நடந்ததையே சொல்கிறேன்.

எங்களோடு பழகும் கல்லூரி மாணவன் ஒருவன் இன்று நன்றாகச் சுழன்றான், வேகமாகவும் சுழன்றான். ஹோஜா நிறுத்தச் சொன்னதும் சட்டென்று நின்றான். நின்ற பிறகுதான் வந்தது வினை. அறை அவனைச் சுற்ற ஆரம்பித்தது. சுவரைப் பிடித்துக்கொண்டு, முகம் வெளுத்து, வியர்த்து உட்கார்ந்துவிட்டான்.

காரணம் காதுக்குள் இருக்கிறது. உட்செவியில் மூன்று அரைவட்டக் குழாய்கள், அவற்றுக்குள் திரவம். நாம் சுற்றத் தொடங்கும்போது குழாய் முந்திக்கொள்ளும், திரவம் பின்தங்கும். அந்த வித்தியாசத்தைத்தான் மூளை 'சுற்றுகிறோம்' என்று படிக்கிறது. ஒரே வேகத்தில் அரை நிமிடம் போல் சுற்றினால் திரவமும் குழாயோடு சேர்ந்து ஓட ஆரம்பித்துவிடும். சுற்றும் உணர்வே அடங்கிப்போகும். திடீரென்று நின்றால் குழாய் நிற்கிறது, திரவம் ஓடிக்கொண்டே இருக்கிறது. அப்போது மூளைக்கு நேர் எதிர்த் திசையில் சுற்றுவதாகச் செய்தி போகிறது.

அதனால் முதல் விதி, வேகத்தை மாற்றாதே. மெதுவாக ஏறி, மெதுவாக இறங்கு. இரண்டாவது கண். கண்ணை மூடினால் இன்னும் மோசமாகும். பாலே ஆடுபவர்கள் செய்வதுபோல ஒரு புள்ளியைப் பார்த்துத் தலையை வெட்டித் திருப்புவதும் இங்கே கிடையாது. தலை வலப்பக்கம் லேசாகச் சாய்ந்திருக்க, பார்வை இடது கையின் பெருவிரல் பக்கம் தளர்வாக நிற்கும். கை நம்மோடு சேர்ந்தே சுற்றுகிறது, ஆகவே கண்ணுக்கு உலகத்தில் அசையாத பொருள் அது ஒன்றுதான். மற்றதெல்லாம் பின்னால் கலைந்து ஓடும். ஓடட்டும், அதைத் துரத்திப் பார்க்காதே என்கிறார் ஹோஜா.

கனமாகச் சாப்பிட்டுவிட்டு வரக்கூடாது என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

நவம்பர் 2, ஞாயிறு

இன்று பலகை இல்லை. முழு நேரமும் பாட்டு.

செமாவுக்கென்று இயற்றப்படும் இசைக்கு 'ஆயின்' என்று பெயர். நான்கு பகுதிகள், ஒவ்வொன்றும் ஒரு 'செலாம்'. சொற்கள் பெரும்பாலும் ரூமியின் பாரசீகக் கவிதைகள். இயற்றியவர்களில் பெரிய பெயர் இஸ்மாயில் தெதே எஃபெந்தி, 1778இல் பிறந்தவர், இதே ஊரின் யெனிகாபி மடத்தில் பணிவிடை செய்து 'தெதே' என்னும் பட்டம் பெற்றவர்.

தாளக்கட்டைக் கேட்டபோதுதான் இதன் உள்வேலைப்பாடு எனக்குப் பிடிபட்டது. முதல் செலாம் பெரும்பாலும் 14 அடித் தாளத்தில் நடக்கும். இரண்டாவது 9 அடி, அகலமாக, நிதானமாக. மூன்றாவது 28 அடி கொண்ட நீண்ட தாளத்தில் தொடங்கி, நடுவிலேயே மாறி, கடைசியில் 6 அடித் துரிதத்தில் பாய்கிறது. உட்கார்ந்து கேட்கும்போதே உடம்பு முன்னால் சாய்கிறது. மரபு அந்த இடத்தைத்தான் காதலின் உச்சம் என்கிறது. அங்கே தான் என்பது அழிகிறது.

அதற்குப் பிறகும் ஒரு செலாம் இருக்கிறது. நான்காவது மறுபடி 9 அடிக்குத் திரும்பி, நிதானமாகிறது. இரண்டாவதில் பாடிய அதே ரூமி வரிகளையே இங்கேயும் பாடுகிறார்கள். 'சுல்தானே மனீ' என்று தொடங்கும் வரிகள். நீயே என் சுல்தான், என் நெஞ்சிலும் உயிரிலும் நீயே என் ஈமான், நீ என்னுள் ஊதினால் உயிர்பெறுவேன், ஓர் உயிர் என்ன, நூறு உயிர் நீ எனக்கு. சொல் ஒன்றுதான், ஆனால் உச்சத்துக்கு முன்னால் அது வேண்டுதலாக ஒலிக்கிறது. உச்சத்தைக் கடந்து வந்து கேட்கும்போது, கிடைத்தவன் சொல்லும் சொல்லாக இருக்கிறது.

கடைசி இடத்தைப் பரவசத்துக்குக் கொடுக்கவில்லை இந்த மரபு. நான்கில் மூன்றாவது இடத்தைத்தான் கொடுத்திருக்கிறது. இது ஏன் என்பதுதான் இந்தக் குறிப்புகள் முழுக்க என்னைப் பிடித்திருக்கும் கேள்வி.

நவம்பர் 6, வியாழன்

வியாழக்கிழமை வந்தாலே டெல்லி நிஜாமுத்தீன் தர்காவில் பாடும் கவ்வாலி என்னும் சூஃபிப் பாட்டின் நினைவுதான். அங்கே நடப்பது ஏறத்தாழ இதற்கு நேர்மாறு.

கவ்வால் பாடும்போது அவர் கண் கூட்டத்தின் மேலேயே இருக்கும். யாராவது ஒருவருக்கு ஒரு வரி தைத்துவிட்டால், அழுகிறாரோ, எழுந்துவிடுகிறாரோ, உடனே குழு அந்த வரியிலேயே நின்றுவிடும். அதையே திருப்பித் திருப்பிப் பாடும். கைத்தட்டலும் டோலக்கும் அழுத்தம் கூட்டும். அவர் அந்த நிலையிலிருந்து தானாக இறங்கும்வரை வரியை மாற்றக்கூடாது என்பது முறை. நடுவில் விட்டால் அவருக்கு ஆபத்து என்று நம்புகிறார்கள்.

அந்த நம்பிக்கைக்குப் பின்னால் 1235இல் டெல்லியில் இறந்த சூஃபி ஞானி குத்புத்தீன் பக்தியார் காக்கியின் கதை இருக்கிறது. இசை கேட்கும் ஒரு சமா சபையில், பாரசீகக் கவிஞர் அஹ்மது ஜாமின் ஈரடி ஒன்றைப் பாடினார்கள். சரணாகதி என்னும் கத்தியால் கொல்லப்பட்டவர்களுக்கு மறைவிலிருந்து ஒவ்வொரு கணமும் புது உயிர் வருகிறது என்பது அதன் பொருள். காக்கி நினைவிழந்தார். முதல் அடியில் உயிர் போவதும் இரண்டாம் அடியில் திரும்புவதுமாக நாட்கணக்கில் கிடந்து, கடைசியில் அப்படியே இறந்தார் என்று அவர் சார்ந்த சிஷ்தி சூஃபி மரபு சொல்கிறது. மெஹ்ரோலியில் அடக்கமாகியிருக்கிறார்.

ஆக, டெல்லியில் பாட்டு ஒரு மனிதனுக்காக நின்று காத்திருக்கிறது. மெவ்லெவி முறையில் யாருக்காகவும் பாட்டு நிற்பதில்லை. சுழல்பவனான செமாசென் எந்த நிலையில் இருந்தாலும் செலாம் முடிந்தால் அவன் நிற்க வேண்டும். இரண்டில் எது உயர்ந்தது என்று எடைபோட எனக்கு விருப்பமில்லை. கவ்வாலி கேட்பவனின் பாதை, பாட்டுதான் அவனைத் தேடி வந்து தைக்க வேண்டும். செமாவில் மனிதன்தான் பாட்டுக்குள் போக வேண்டும், போனவன் வெளியே வரவும் தெரிந்திருக்க வேண்டும்.

நவம்பர் 23, ஞாயிறு

சிறிய குறிப்பு. ஒவ்வொரு சார்க்குக்கும் உள்ளுக்குள் ஒருமுறை 'அல்லாஹ்' என்று சொல்ல வேண்டும். சத்தம் வராமல், உதடு அசையாமல். இது சேர்ந்த பிறகு சுழற்சியே வேறாகிவிட்டது. எண்ணுவது நின்றுவிட்டது.

எங்கள் குழுவில் ஓய்வுபெற்ற செவிலியர் ஒருவர் இருக்கிறார். இன்று அவர் முகத்தில் புன்னகை பரவி, வேகம் கூடிக்கொண்டே போனது. ஹோஜா பக்கத்தில் போய் நின்றார், அவ்வளவுதான், வேகம் தணிந்தது. பிறகு சொன்னார்: "இனிமையாக இருந்தது, இல்லையா? இனிமையை நீங்கள் கவனிக்க ஆரம்பித்ததும் பாதம் இடம் மாறிவிட்டது, அக்கா. பாதத்தைப் பாருங்கள், மற்றது தானாக வரும், வராமலும் போகும்."

பரவசம் தடம் மாறுவதைக் கண்டுபிடிக்க அவர் பார்ப்பது மூன்று இடங்கள். இடது குதிகால் எழுகிறதா, தென்னூரே என்னும் பாவாடையின் விளிம்பு ஒரு பக்கம் தாழ்கிறதா, இசையை முந்தி ஓடுகிறோமா. முகத்தை அவர் பார்ப்பதே இல்லை.

டிசம்பர் 7, ஞாயிறு

1925ஆம் ஆண்டின் 677ஆம் எண் சட்டம் துருக்கியின் சூஃபி மடங்களையெல்லாம் மூடியது. இன்றும் அது சட்டமாகவே இருக்கிறது. செமா 1953இல் கொன்யாவில் பொதுமக்கள் முன்னால் திரும்பி வந்தபோது, ஒரு பண்பாட்டு நிகழ்ச்சியாகத்தான் வந்தது. வழிபாடு மேடையேறியது இப்படித்தான். சுற்றுலா உணவகங்களில் இரவுச் சாப்பாட்டுக்கு நடுவே வெள்ளைப் பாவாடை சுற்றுவதைப் பார்த்தால் எனக்கு வலிக்கிறது. செலாம் இல்லை, நிறுத்தம் இல்லை, சுழற்சி மட்டும்.

டிசம்பர் 18, வியாழன். கொன்யா

நேற்று டிசம்பர் 17. ரூமி 1273இல் இறந்த நாள். இங்கே அதை 'ஷெபி ஆரூஸ்' என்கிறார்கள், கல்யாண இரவு. துக்கத்துக்கான இரவல்ல, காதலன் காதலியிடம் போய்ச் சேர்ந்த இரவு.

மெவ்லானா பண்பாட்டு மையத்தின் வட்ட அரங்கில் இடம் கிடைத்தது. முதலில் ஒற்றைக் குரலில் நாத், நபியைப் புகழும் பாட்டு, 17ஆம் நூற்றாண்டின் இத்ரி இசையமைத்தது. பிறகு குதூம் முரசின் அடி, 'ஆகுக' என்ற இறைக்கட்டளைக்கு ஈடாக. பிறகு நேய் என்னும் நாணல் குழல். செமாசென்கள் ஹிர்கா என்னும் கறுப்பு மேலங்கியோடு மூன்று முறை அரங்கைச் சுற்றி நடந்தார்கள். தலைமைக் குருவான ஷேக்கின் சிவப்புத் தோல்விரிப்புக்கு முன்னால் இருவர் இருவராக முகம் பார்த்துக் குனிந்தார்கள். ஹிர்கா கல்லறை, தலையிலுள்ள நீண்ட சிக்கே தொப்பி கல்லறைக் கல், வெள்ளைத் தென்னூரே பிணத்துக்குப் போர்த்தும் கஃபன் துணி. ஹிர்காவைக் களைந்தால் கல்லறையிலிருந்து எழுந்ததாகப் பொருள்.

சுழற்சி தொடங்கியது. வலது கை மேல் நோக்கி, இடது கை கீழ் நோக்கி. சுழல்பவர்களை வழிநடத்தும் செமாசென்பாஷி அவர்களுக்கு நடுவே நடந்துகொண்டே இருந்தார், யார் வட்டத்தின் உள்ளே போவது, யார் வெளியே என்பதைப் பேசாமலே காட்டினார். ஒவ்வொரு செலாம் முடிந்ததும் எல்லோரும் நின்று, தோளோடு தோள் சாய்ந்து சிறு குழுக்களானார்கள். ஹோஜா சொன்னபடி நான் பாவாடை விளிம்புகளையே பார்த்துக்கொண்டிருந்தேன். மூன்றாவதின் துரிதத்தில் அத்தனை விளிம்புகளும் தரைக்கு இணையாக இருந்தன. உள்ளே என்ன பெருகியிருந்தாலும் வெளியே ஒரு கோணமும் கலையவில்லை. எனக்குக் கண்ணில் நீர் வந்தது அந்த ஒழுங்கைக் கண்டுதான்.

நான்காவதில் வட்டமாய் நகர்வது நின்றது. ஒவ்வொருவரும் நின்ற இடத்திலேயே சுழன்றார்கள். அதுவரை விரிப்பில் நின்றிருந்த ஷேக் அப்போதுதான் இறங்கினார். ஹிர்காவைக் களையாமல், அதன் விளிம்பைக் கையில் பிடித்தபடி, மிக மெதுவாக நடுவில் சுற்றினார். எல்லோரையும்விட மூத்தவர் துரிதத்தின்போது நின்றிருந்தார், நிதானத்தில்தான் கலந்துகொள்கிறார். எரிந்து தீர்வது இந்த வழியில் முடிவல்ல. தன்னை இழந்தவன் மறுபடி அடியானாகத் திரும்பி, தன் இடத்தில் நின்று, தன் வேலையைச் செய்ய வேண்டும். சமையல்கட்டில் தொடங்கிய வழிக்கு இது பொருந்துகிறது.

குர்ஆன் ஓதினார்கள். கிழக்கும் மேற்கும் அல்லாஹ்வுக்கே, எந்தப் பக்கம் திரும்பினாலும் அவன் முகம் அங்கே இருக்கிறது என்ற பகரா அத்தியாயத்தின் 115ஆம் வசனம். ஓதத் தொடங்கியதும் சுழன்றவர்கள் நின்று, தங்கள் இடத்துக்குப் போய் ஹிர்காவைப் போர்த்திக்கொண்டு தரையில் அமர்ந்தார்கள். ஒருவரும் தள்ளாடவில்லை. கைதட்ட வேண்டாம் என்று முன்பே சொல்லியிருந்தார்கள், மக்களும் தட்டவில்லை.

ஞாயிறு இஸ்தான்புல்லில் வகுப்பு உண்டு. கையை விரிக்க இன்னும் காலம் இருக்கிறது. இந்த வாரம் பலகையில் நிறுத்தத்தைத்தான் பழகப் போகிறேன்: எந்த வேகத்திலிருந்தும் கலையாமல் இறங்கி நிற்பது.