பில் எண்ணை மாற்றினால் திறக்கும் அறிக்கை

*திருத்தம் வெளியாகும் வரை பதிவிடாமல் வைத்திருந்த குறிப்புகள். நிறுவனத்தின் பெயரையும் சர்வர் முகவரியையும் நீக்கியிருக்கிறேன். பில் எண்களை மாற்றியிருக்கிறேன்.*

18 ஜனவரி 2025, புதுச்சேரி

நெல்லித்தோப்பில் நான் வழக்கமாக இரத்தப் பரிசோதனைக்குச் செல்லும் ஆய்வகம் இப்போது முடிவுகளை ஒரு மென்பொருள் நிறுவனத்தின் செயலி வழியாகத் தருகிறது. கைபேசி எண்ணுக்கு ஓடிபி வருகிறது, உள்ளே நுழைந்தால் அறிக்கை பிடிஎஃப் கோப்பாக இறங்குகிறது. தொழில் பழக்கத்தால், செயலி சர்வருக்கு என்ன அனுப்புகிறது என்பதை என் கணினி வழியாகத் திருப்பிவிட்டுப் பார்த்தேன்.

```
GET /v2/report?bill=48213
Authorization: Bearer <token>
```

உள்ளே நுழைந்ததும் சர்வர் தரும் அடையாளச் சீட்டான டோக்கனை நீக்கிவிட்டுக் கேட்டால் 401 என்று மறுக்கிறது. ஆகவே உள்ளே வந்தவர் யார் என்பதைச் சர்வர் பார்க்கிறது. ஆனால் கேட்கப்படும் பில் அவருடையதுதானா என்று பார்க்கிறதா? எண்கள் வரிசையாக ஏறுகின்றன. ஆகஸ்டில் எனக்குக் கொடுத்த பில் 31 ஆயிரத்துச் சொச்சம். 48214 யாரோ ஒருவருடையது. அதைத் தட்டிப் பார்க்கும் உரிமை எனக்கில்லை என்பதால் இன்று இத்துடன் நிறுத்திக்கொண்டேன்.

19 ஜனவரி

தங்கையும் அதே ஆய்வகத்தில்தான் தைராய்டு பார்க்கிறாள். "உன் பில் எண்ணைக் கொடு, என் கணக்கிலிருந்து உன் அறிக்கை வருகிறதா என்று பார்க்கிறேன்" என்றேன். "வந்தால் எனக்கும் காட்டுங்கள் அண்ணா" என்று அனுப்பினாள். என் டோக்கனுடன் அவளுடைய எண்ணைக் கேட்டதும் அவள் பெயர், வயது, டிஎஸ்எச் அளவு அனைத்தும் என் திரையில் இறங்கின.

நிரூபணத்துக்கு இது போதும். ஆயிரம் எண்களை ஒரு ஸ்கிரிப்ட் மூலம் ஓடவிட்டால்தான் நிறுவனம் மிரளும் என்று நண்பர் ஒருவர் சொன்னார். மிரளத்தான் செய்யும், கூடவே ஆயிரம் பேருடைய நோய் விவரம் என் வன்வட்டில் இருக்கும், அது ஆராய்ச்சி ஆகாது. பாதிப்பின் அளவைச் சொல்வதற்கு என்னுடைய இரண்டு பில்களுக்கு இடையிலுள்ள ஏறத்தாழ 17 ஆயிரம் என்ற இடைவெளியே போதுமானது.

21 ஜனவரி

எவருக்கு எழுதுவது என்பதே இந்தத் துறையில் பாதி வேலை. `/.well-known/security.txt` என்ற கோப்பில் நிறுவனங்கள் இதற்கான முகவரியை வைக்கலாம் என்பது 2022-இலிருந்து ஏற்கப்பட்ட முறை. இவர்களிடம் அது இல்லை. செயலிப் பக்கத்திலிருந்த உதவி முகவரிக்கே எழுதினேன். குறைபாட்டின் வகை, அது நோயாளிகளின் அறிக்கைகளைத் தொடுகிறது என்பது, முழு விவரத்தை மறையாக்கம் செய்து அனுப்ப ஒரு பொறுப்பாளரின் முகவரி வேண்டும் என்பது, ஏப்ரல் 21 வரை வெளியிடமாட்டேன் என்பது ஆகியவை மட்டுமே அதில் இருந்தன. சன்மானம் பற்றி ஒரு சொல்கூட எழுதவில்லை. முதல் கடிதத்தில் பணமும் கெடு தேதியும் சேர்ந்து வந்தால், எழுதியவர் எவ்வளவு நல்லவராக இருந்தாலும் படிப்பவருக்கு அது மிரட்டலாகவே தெரியும்.

5 பிப்ரவரி

தானியங்கி டிக்கெட் எண்ணைத் தவிர வேறு பதில் இல்லை. இந்திய அரசின் கணினிப் பாதுகாப்பு அமைப்பான செர்ட்-இன்னின் vdisclose@cert-in.org.in முகவரிக்கு அனைத்தையும் அனுப்பினேன்: மென்பொருளின் பதிப்பு, கோரிக்கையும் பதிலும், தங்கையின் ஒப்புதல், நிறுவனத்துக்கு எழுதிய தேதி. ஆய்வாளருக்கும் நிறுவனத்துக்கும் நடுவே நின்று பேசுவது அவர்களுடைய பணிகளில் ஒன்று.

13 பிப்ரவரி

நிறுவனத்திலிருந்து மேலாளர் அழைத்தார். "எங்கள் சர்வரைச் சோதிக்க உங்களுக்கு யார் அனுமதி கொடுத்தார்கள்?" என்பதே முதல் கேள்வி.

கேள்வியில் நியாயம் இருக்கிறது என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும். தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 43-ஆம் பிரிவு, கணினியின் உரிமையாளரிடமோ பொறுப்பாளரிடமோ அனுமதி பெறாமல் அதை அணுகுவதையும் அதிலிருந்து தரவை எடுப்பதையும் பேசுகிறது. தங்கையின் ஒப்புதல் அவளுடைய தரவுக்கானதே தவிர, சர்வருக்கானது அல்ல. சிறைத் தண்டனை வரைக்கும் போகும் 66-ஆம் பிரிவுக்கு நேர்மையற்ற அல்லது மோசடியான நோக்கம் வேண்டும் என்பது ஓரளவு ஆறுதல், ஆனால் இழப்பீடு கேட்பதற்கு அந்த நோக்கத்தைக் காட்ட வேண்டியதில்லை. என்னைக் காப்பது நான் எவ்வளவு குறைவாகத் தொட்டேன் என்ற கணக்குதான். கேட்டது ஒரே ஒரு அறிக்கை என்பது உங்கள் சர்வர் பதிவேட்டிலேயே இருக்கும், அதுவும் சம்மதத்துடன் கேட்டது, அழித்தும்விட்டேன் என்று சொன்னேன். சற்று நேரம் கழித்து, "எங்கள் டெவலப்பர் உங்களிடம் பேசுவார் சார்" என்றார்.

27 பிப்ரவரி

சரிசெய்துவிட்டதாகச் செய்தி வந்தது. பார்த்தேன்.

```
GET /v2/report?bill=NDgyMTM=
```

இது 48213 என்ற எண்ணின் பேஸ்64 வடிவம், அவ்வளவே. எவரும் நொடியில் பிரித்துவிடலாம். அடுத்த எண் `NDgyMTQ=` ஆகிறது. கதவுக்குப் பூட்டுப் போடாமல் வீட்டு எண் பலகையைத் திருப்பி மாட்டியதைப் போன்றது. தங்கையின் அறிக்கை இன்னும் வருகிறது என்று எழுதி, அறிக்கையைத் தேடும் இடத்திலேயே அது யாருடையது என்ற சோதனையையும் சேர்க்கச் சொன்னேன்:

```
SELECT path FROM reports
WHERE bill_no = ? AND patient_id = ?
```

இதில் `patient_id` டோக்கனிலிருந்து வர வேண்டும். கைபேசி அனுப்பும் கோரிக்கையிலிருந்து எடுத்தால் அதையும் எவரும் மாற்றிவிடலாம்.

19 மார்ச்

இம்முறை உண்மையான திருத்தம். தங்கையின் எண்ணுக்கு 404 வருகிறது. 403 என்று மறுக்காமல் அப்படி ஒன்றே இல்லை என்று சொல்வது சரியானது, ஏனெனில் எந்த எண்கள் உள்ளன என்பதைக்கூட அது வெளியே விடுவதில்லை.

ஆனால் `/v2/` என்பதை `/v1/` என்று மாற்றியதும் பழையபடியே அவளுடைய அறிக்கை வந்து நின்றது. பழைய செயலியைப் புதுப்பிக்காதவர்கள் இருப்பதால் அந்தப் பாதையை மூட முடியாது என்றார் டெவலப்பர். மூடத் தேவையில்லை, பழைய செயலியும் அதே டோக்கனைத்தானே அனுப்புகிறது, சோதனையைச் சர்வரில் வைத்தால் கைபேசிக்கு எதுவும் தெரியாது என்றேன். "ஆமாம் சார், ரெண்டு வரிதான்" என்று சிரித்தார். அன்று மாலையே முடித்துவிட்டார். நல்ல பையன், முதல் நாளே அவரிடம் பேச விட்டிருந்தால் இரண்டு மாதம் மிச்சமாகியிருக்கும்.

9 ஏப்ரல், கடலூர்

மஞ்சக்குப்பத்தில் மாமா வீடு. அவர் போகும் ஆய்வகமும் இதே மென்பொருளைத்தான் வைத்திருக்கிறது, ஆனால் சர்வர் அவர்கள் கட்டடத்திலேயே இருக்கிறது. மாமாவும் அத்தையும் சம்மதித்து எண்களைக் கொடுத்தார்கள். மாமாவின் கணக்கில் அத்தையின் சர்க்கரை அளவு திறந்தது. சொந்த சர்வர் வைத்த ஆய்வகங்களுக்குப் புதுப்பிப்பு தானாகப் போவதில்லை, நிறுவனம் ஒவ்வொருவரையும் கூப்பிட்டுத்தான் போட வைக்க வேண்டும்.

இந்த நிலையில் 21-ஆம் தேதி வெளியிட்டால், புதுப்பிக்காத ஆய்வகங்களைத் தேடிச் செல்பவர்களுக்கு நானே வழிகாட்டியாவேன். நிறுவனமும் வேலையை நிறுத்தவில்லை. ஒரு தேதியைக் குறிப்பிட்டு அதுவரை அவகாசம் கேட்டார்கள். மே 12 வரை நீட்டினேன். பதிலாக ஒன்று கேட்டேன்: 2022-ஆம் ஆண்டின் செர்ட்-இன் உத்தரவுப்படி பதிவேடுகளை 180 நாட்கள் வைத்திருக்க வேண்டும், அவற்றில் ஒரே டோக்கன் அடுத்தடுத்த பில் எண்களைக் கேட்டிருக்கிறதா என்று தேடுங்கள். எனக்கு முன்பே எவராவது வந்திருந்தால் தடம் அப்படித்தான் இருக்கும்.

12 மே, புதுச்சேரி

தேடியதில் அப்படி எதுவும் சிக்கவில்லை என்று எழுதியிருக்கிறார்கள். பதிவேடு இருக்கும் நாட்களுக்கும் முந்தைய மாதங்களைப் பற்றி எவராலும் உறுதி சொல்ல முடியாது என்பதை என் அறிக்கையில் சேர்த்தேன். குறைபாட்டின் வகை, பாதிக்கப்பட்ட பதிப்புகள், திருத்தப்பட்ட பதிப்பு, தேதிகள் ஆகியவற்றைக் கொடுத்தேன். பாதையின் பெயரையும் கோரிக்கையின் வடிவத்தையும் இன்று வெளியிடவில்லை. மஞ்சக்குப்பத்து ஆய்வகம் போன வாரம் புதுப்பித்துவிட்டது, மாமா கேட்டால் 404. இன்னும் இரண்டு ஊர்களில் ஆய்வகங்கள் பாக்கி என்று டெவலப்பர் சொல்கிறார். அவையும் முடிந்த பிறகு இந்தக் குறிப்புகளை முழுதாகப் போடுகிறேன்.